வட்டியைக் கழித்துவிட்டுப் பார்த்தால் என்ன தெரியும்?

2025 பிப்ரவரி 1 அன்று தாக்கலான மத்திய பட்ஜெட்டில் பற்றாக்குறை என்ற பெயரில் பல தொகைகள் இருந்தன. அவற்றில் இரண்டைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். நிதிப் பற்றாக்குறை 15.69 லட்சம் கோடி ரூபாய். முதன்மைப் பற்றாக்குறை 2.93 லட்சம் கோடி ரூபாய். அரசு ஒன்றுதான், ஆண்டும் ஒன்றுதான், வரவு செலவும் அதேதான். ஆனால் ஒரு தொகை மற்றொன்றைப்போல ஐந்து மடங்குக்கு மேல் இருக்கிறது. இடையில் இருக்கும் 12.76 லட்சம் கோடி முழுவதும் பழைய கடனுக்கான வட்டி. நிதிப் பற்றாக்குறையில் வட்டியைக் கழித்தால் முதன்மைப் பற்றாக்குறை. வரையறை அவ்வளவுதான், பாடப்புத்தகத்தில் ஒரே வரி.

அந்த ஒரு வரியைப் படித்தவுடன் யாருக்கும் ஒரு கேள்வி வரும். எங்கள் செம்பூர் குடியிருப்பில் எதிர் வீட்டு அக்கா அதை நேராகவே கேட்டார். "தம்பி, வட்டி கட்டினது செலவில்லையா? அதை எப்படிக் கழிக்க முடியும்? நான் அப்படிக் கழிச்சு எழுதினா பேங்க்ல ஒத்துக்குவாங்களா?"

மும்பையில் ஒரு வங்கியின் ட்ரெஷரியில் வேலை பார்க்கிறேன். அரசுக் கடன் பத்திரங்கள்தான் என் தினசரி வேலை. ரிசர்வ் வங்கி பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் பத்திரங்களை ஏலம் விடும். அன்று காலை எங்கள் மேசையில் யாருக்கும் பேச நேரமிருக்காது. அரசு கடன் வாங்குவதை இவ்வளவு பக்கத்திலிருந்து பார்க்கும் எனக்கே அக்காவின் கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் பதில் சொல்ல வரவில்லை. அவருடைய கணக்கு நோட்டை வைத்துத்தான் சொல்ல முடிந்தது. அதையே இங்கே எழுதுகிறேன். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன், தொகைகளையும் கொஞ்சம் மாற்றி வட்டமாக்கியிருக்கிறேன்.

அவர் வீட்டுக்கு மாதம் கைக்கு வருவது ஒரு லட்சம் ரூபாய். அண்ணனின் சம்பளமும் அக்கா எடுக்கும் டியூஷனும் சேர்ந்த தொகை. மளிகை, மாட்டுங்கா போய் வாங்கி வரும் காபித்தூள், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், லோக்கல் ரயில் பாஸ், சொசைட்டி மெயின்டனன்ஸ், ஊரில் அம்மாவுக்கு அனுப்பும் பணம், எல்லாம் சேர்ந்து மாதம் 90,000. இதுவரை பார்த்தால் பத்தாயிரம் மிச்சம். ஆனால் வீட்டுக் கடன் 40 லட்சம் பாக்கி இருக்கிறது. வட்டி எட்டரை சதவீதம், இன்னும் பதினைந்து வருஷம் கட்ட வேண்டும். இதற்கு இஎம்ஐ சுமார் 39,400 ரூபாய். பத்தாயிரம் மிச்சத்தில் 39,400 கட்ட முடியாதே! அதனால் நகையை வைத்து வங்கியில் ஓவர்டிராஃப்ட் வாங்கி, மாதம் குறைகிற 29,400 ரூபாயை அதிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அக்காவின் நோட்டில் "பற்றாக்குறை 29,400" என்று சிவப்பு மையில் இருந்தது. கைக்குப் பணம் எவ்வளவு தேவை என்று பார்த்தால் அது சரி. ஆனால் அரசு போடும் கணக்கில் இந்த வீட்டின் நிதிப் பற்றாக்குறை 29,400 அல்ல. அதைவிடக் குறைவு.

ஏன் என்பதற்கு இஎம்ஐயைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வங்கி அனுப்பும் கடன் அட்டவணையில் ஒவ்வொரு மாதத்துக்கும் இரண்டு பத்திகள் இருக்கும், வட்டி ஒன்று, அசல் ஒன்று. இந்தக் கடனில் முதல் மாதம் வட்டிக்கு 28,300 போகிறது, அசலில் 11,100 குறைகிறது. வட்டி போனால் போனதுதான், அது செலவு. அசல் அப்படியல்ல. 11,100 கட்டியவுடன் 40 லட்சம் கடன் அதே அளவு இறங்குகிறது. அந்தப் பணத்தை நகைக் கடனிலிருந்து எடுத்திருந்தால், ஒரு கடன் ஏறி இன்னொரு கடன் இறங்கியிருக்கிறது. வீட்டின் மொத்தக் கடனில் அதனால் ஒரு ரூபாய்கூட மாறவில்லை.

அரசும் இப்படித்தான் கணக்குப் போடுகிறது. கடன் அசலைத் திருப்பிக் கொடுப்பது பட்ஜெட்டின் மொத்தச் செலவில் வராது, வட்டி வரும். ஆகவே அக்கா வீட்டின் செலவு 90,000 கூட்டல் 28,300. மொத்தம் 1,18,300. வரவு ஒரு லட்சம். நிதிப் பற்றாக்குறை 18,300. சரிபார்க்க வேண்டுமானால் கடனை வைத்துப் பாருங்கள்: புதிதாக வாங்கியது 29,400, பழையதில் குறைந்தது 11,100, மொத்தக் கடன் ஏறியது 18,300. நிதிப் பற்றாக்குறை என்பது இந்தக் காலத்தில் நம் கடன் நிகரமாக எவ்வளவு கூடியது என்பதைத்தான் சொல்கிறது.

செய்தித்தாளில் பலரைக் குழப்பும் ஒரு இடமும் இங்கேதான் இருக்கிறது. அதே 2025-26 பட்ஜெட்டில் சந்தையில் மொத்தமாக 14.82 லட்சம் கோடிக்குப் பத்திரம் விற்கப்போவதாக அரசு சொன்னது. நிகரக் கடன் 11.54 லட்சம் கோடி என்றும் சொன்னது. நடுவில் உள்ள மூன்றே கால் லட்சம் கோடி, முதிர்வடையும் பழைய பத்திரங்களுக்குத் திருப்பித் தருவது. அக்காவின் 29,400க்கும் 18,300க்கும் உள்ள வித்தியாசம்தான் இதுவும். 15.69க்கு மீதி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பெரும்பகுதி அஞ்சலகச் சேமிப்பு, பிபிஎஃப் போன்ற சிறுசேமிப்பில் நாம் போடும் பணம்.

இனி முதன்மைப் பற்றாக்குறைக்கு வருவோம். 18,300இல் வட்டி 28,300ஐக் கழித்தால் பூஜ்யத்துக்குக் கீழே பத்தாயிரம். அதாவது அக்கா வீட்டில் முதன்மைப் பற்றாக்குறையே இல்லை, உபரி இருக்கிறது. இந்த மாதச் சம்பளத்தில் இந்த மாத வாழ்க்கையை நடத்திப் பத்தாயிரம் மிச்சமும் பிடிக்கிறார்கள். அவர்கள் கடன் ஏறுவதற்குக் காரணம் முன்பு வாங்கிய கடன், இப்போதைய செலவு அல்ல. இதைச் சொன்னபோது அக்கா நோட்டைத் திருப்பித் தன் பக்கம் இழுத்து 90,000 என்ற வரியை விரலால் தொட்டுப் பார்த்தார். "அப்போ நான் ஊதாரி இல்லைன்னு சொல்றீங்க" என்றார். அதையேதான் சொன்னேன்.

எதிர்க் கணக்கு ஒன்றையும் வைத்தால்தான் இது முழுதாகப் புரியும். அதே ஒரு லட்சம் சம்பளமுள்ள இன்னொரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடன் என்று எதுவும் இல்லை, வாடகை வீடு. ஆனால் மாதச் செலவு 1,18,300. இவர்களுக்கும் நிதிப் பற்றாக்குறை 18,300தான். வட்டி இல்லாததால் முதன்மைப் பற்றாக்குறையும் அதே 18,300. நிதிப் பற்றாக்குறையை மட்டும் கேட்பவருக்கு இரண்டு வீடும் ஒன்றாகத்தான் தெரியும். ஆனால் முதல் வீட்டில் மளிகையைக் குறை, பயணத்தைக் குறை என்று அறிவுரை சொல்வதால் பெரிய பலன் இல்லை. அங்கே பார்க்க வேண்டியது வட்டி விகிதம், கடனை வேறு வங்கிக்கு மாற்ற முடியுமா, சம்பளம் எப்போது ஏறும் என்பவை. இரண்டாவது வீட்டில் பிரச்சினையே இந்த மாதச் செலவு. அதை விட்டால் அடுத்த வருஷம் இவர்களும் வட்டி கட்டத் தொடங்குவார்கள்.

நம் மத்திய அரசு இந்த இரண்டு வீட்டில் எது? என் பதில், இரண்டும்தான். எந்த ஆண்டைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

கொரோனா ஆண்டான 2020-21ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நிதிப் பற்றாக்குறை 18.18 லட்சம் கோடி, வட்டி 6.80 லட்சம் கோடி, முதன்மைப் பற்றாக்குறை 11.38 லட்சம் கோடி. வரி வருவாய் விழுந்தது, இலவச தானியம் போன்ற செலவுகள் ஏறின. பற்றாக்குறையில் பெரும்பகுதி அந்த ஆண்டிலேயே உண்டானது. அது இரண்டாவது வீடு. 2025-26 மதிப்பீட்டில் நிதிப் பற்றாக்குறை 15.69 லட்சம் கோடி. ரூபாயில் பார்த்தால் கொரோனா ஆண்டைவிடக் கொஞ்சம்தான் குறைவு. ஆனால் அதில் 12.76 வட்டி. நூறு ரூபாய் பற்றாக்குறையில் 81 ரூபாய் பழைய கடனால் வந்தது. இது ஏறக்குறைய அக்காவின் வீடு, கொஞ்சம் முதன்மைப் பற்றாக்குறையும் சேர்ந்த அக்கா வீடு என்று சொல்லலாம்.

வட்டி ஐந்தே ஆண்டுகளில் 6.80இலிருந்து 12.76 ஆனது எப்படி? 2020-21இலும் அதற்கடுத்த ஆண்டுகளிலும் இருந்த முதன்மைப் பற்றாக்குறைக்குப் பத்திரம் விற்றார்கள். அந்தப் பத்திரங்களுக்கு இப்போது வட்டி கட்டுகிறார்கள். இந்த ஆண்டின் முதன்மைப் பற்றாக்குறைதான் வரும் ஆண்டுகளின் வட்டியாக மாறுகிறது. பட்ஜெட் வந்ததும் நான் முதலில் பார்ப்பது முதன்மைப் பற்றாக்குறையை. காரணம் இதுதான். வட்டி விஷயத்தில் இந்த ஆண்டின் நிதியமைச்சர் செய்யக்கூடியது மிகக் குறைவு. எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் மேசைகள் வழியாக விற்ற பத்திரத்தின் கூப்பன், அதாவது விற்கும்போதே குறித்த வட்டி அது, குறித்த தேதியில் குறித்த தொகை போயே தீர வேண்டும். அவர் கையில் உண்மையில் இருப்பது மற்ற செலவும் வரியும்தான். அந்த இரண்டையும் வைத்து அவர் என்ன செய்தார் என்பது முதன்மைப் பற்றாக்குறையில் தெரிந்துவிடும்.

ஆனால் அதையே முழு உண்மை என்று எடுத்துக்கொண்டாலும் தப்பாகிவிடும். அக்கா கேட்டது நியாயமான கேள்வி. வட்டியைக் கழித்து எழுதலாம், கட்டாமல் இருக்க முடியாது. 2025-26இல் மத்திய அரசின் வருவாய் வரவு 34.20 லட்சம் கோடி. அதில் வட்டிக்கே 12.76 போகிறது. வருவாயாக வரும் நூறு ரூபாயில் 37 ரூபாய் பள்ளிக்கும் போகாது, சாலைக்கும் போகாது. முதன்மைப் பற்றாக்குறை இறங்கிவிட்டது என்று யாராவது மகிழ்ச்சியாகச் சொன்னால், இந்த 37ஐயும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இரண்டு தொகைகளையும் ஒருசேரக் குறைத்துக் காட்டும் வழிகளும் உண்டு. அக்கா ஒரு மாதம் தங்கச் சங்கிலியை விற்று 50,000 வாங்கினால், அந்த மாதப் பற்றாக்குறை காணாமல் போகும். அரசு தன் நிறுவனப் பங்குகளை விற்று வரும் பணமும் கடனில்லாத வரவாகத்தான் கணக்கில் சேர்கிறது. விற்பதில் தப்பில்லை, அடுத்த மாதம் விற்க இன்னொரு சங்கிலி இருக்காது, அவ்வளவுதான். 2025-26இல் இந்த இனத்தில் எதிர்பார்த்தது 47,000 கோடி, மொத்தத்தில் சின்னத் தொகை. எனவே இப்போதைக்கு இது பெரிய கவலை இல்லை.

இதைவிட என்னை அதிகம் தொந்தரவு செய்தது இன்னொன்று. பல ஆண்டுகள் உணவு மானியத்தின் ஒரு பகுதியை அரசு தன் பட்ஜெட்டில் கொடுக்காமல், இந்திய உணவுக் கழகத்தைத் தேசிய சிறுசேமிப்பு நிதியிலிருந்து கடன் வாங்கச் சொன்னது. வீட்டுக் கணக்கில் இது, மளிகைப் பாக்கியை மச்சான் பேரில் எழுதச் சொல்வது. நோட்டில் பற்றாக்குறை குறைவாக இருக்கும், கடைக்காரருக்குப் பாக்கி அப்படியே இருக்கும். அந்த ஆண்டுகளில் நிதிப் பற்றாக்குறை, முதன்மைப் பற்றாக்குறை இரண்டுமே உள்ளதைவிடக் குறைவாகத் தெரிந்தன. 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் இந்தப் பழக்கத்தை நிறுத்தி, பழைய பாக்கியை அடைக்கப் பணமும் ஒதுக்கினார்கள். 2020-21இல் உணவு மானியம் 5.41 லட்சம் கோடியாக எகிறியதற்கு இலவச தானியத்தோடு இதுவும் ஒரு காரணம். ஆகவே அந்த ஆண்டின் 11.38 லட்சம் கோடி முதன்மைப் பற்றாக்குறையை முழுக்க அந்த ஆண்டின் செலவு என்று சொல்ல முடியாது. கொஞ்சம் முந்தைய ஆண்டுகளின் மளிகைப் பாக்கி. பாக்கியை நோட்டுக்குள் கொண்டுவந்தது நல்ல காரியம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, பற்றாக்குறை பெரிதாகத் தெரிந்தாலும் சரி.

அடுத்து, கடன் ஏறிக்கொண்டே இருந்தால் அக்கா வீடு மூழ்கிவிடாதா என்ற கேள்வி. மாதம் 18,300 என்றால் வருஷத்துக்கு ஏறக்குறைய 2.2 லட்சம். 40 லட்சம் கடன் 42.2 லட்சம் ஆகிறது. ஆண்டு வருமானம் 12 லட்சம். இப்போது கடன் வருமானத்தைப்போல 3.33 மடங்கு. அடுத்த ஆண்டு வருமானம் பத்து சதவீதம் ஏறி 13.2 லட்சமானால், 42.2 லட்சம் கடன் 3.2 மடங்குதான். ரூபாயில் கடன் கூடியது, தாங்கும் சக்தியோடு ஒப்பிட்டால் குறைந்தது. சம்பளம் ஏறவே இல்லை என்றால் அதே கடன் 3.52 மடங்காகிவிடும். கடன் வளரும் வேகமும் வருமானம் வளரும் வேகமும் போட்டி போடுகின்றன. கடன் வளரும் வேகத்தை நிர்ணயிப்பவை இரண்டு: வட்டி விகிதம், முதன்மை உபரி அல்லது பற்றாக்குறை.

அரசுக்கும் இதே கணக்குதான், சம்பளத்தின் இடத்தில் நாட்டின் மொத்த உற்பத்தி, அதாவது ஜிடிபி. மத்திய அரசின் கடன் ஜிடிபியில் 57.1 சதவீதத்திலிருந்து 2026 மார்ச்சில் 56.1 ஆக இறங்கும் என்று பட்ஜெட் சொன்னது. நிதிப் பற்றாக்குறை 4.4 சதவீதமாக இருந்தும் கடன் விகிதம் எப்படி இறங்கும் என்று சிலர் கேட்டார்கள். முதன்மைப் பற்றாக்குறை 0.8 சதவீதம்தான். அரசின் பழைய கடனுக்குச் சராசரி வட்டி சுமார் 7 சதவீதம். விலைவாசியும் சேர்த்த ஜிடிபி வளர்ச்சி 10.1 சதவீதம் என்று வைத்திருந்தார்கள். வளர்ச்சி வட்டியைவிட மூன்று புள்ளி அதிகமாக இருந்தால், 57 சதவீதக் கடனில் அது ஆண்டுக்கு ஒன்றரைப் புள்ளி அளவு கடன் விகிதத்தைக் கரைக்கும். முதன்மைப் பற்றாக்குறை 0.8 புள்ளியை மறுபடி சேர்க்கும். மீதி இறக்கம் முக்கால் புள்ளிக்குக் கிட்ட. பட்ஜெட் சொன்ன ஒரு புள்ளி இறக்கத்துக்கு இது பக்கத்தில்தான் இருக்கிறது.

வீட்டு ஒப்புமை ஒத்துவராத இடமும் இங்கேதான். அக்காவும் அண்ணனும் பதினைந்து வருஷத்தில், அண்ணன் ரிடையர் ஆவதற்குள், கடனை அடைத்தாக வேண்டும். வங்கி அதற்குமேல் காத்திருக்காது. அரசுக்கு ரிடையர்மென்ட் கிடையாது. பத்திரம் முதிர்ந்தால் புதுப் பத்திரம் விற்றுக் கொடுக்கலாம், கடனைப் பூஜ்யமாக்க வேண்டிய அவசியமே இல்லை. அக்கா செலவைக் குறைத்தால் அண்ணன் சம்பளம் குறையாது. அரசு மோசமான ஆண்டில் செலவைக் குறைத்தால் அந்தச் செலவை நம்பியிருந்தவர்கள் வருமானம் குறைந்து, வரியும் ஜிடிபியும் சேர்ந்தே குறையலாம். 2020-21இல் முதன்மைப் பற்றாக்குறையை அடக்கியிருக்க வேண்டும் என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போகாததற்கு இதுதான் காரணம்.

நல்ல ஆண்டுகளில் இந்தச் சாக்கு செல்லாது. 2007-08இல் வருவாய் நன்றாக வந்தது, மத்திய அரசுக்குச் சுமார் 44,000 கோடி முதன்மை உபரியே இருந்தது. இதே நாட்டில் அது நடந்திருக்கிறது. இப்போது அரசு வைத்திருக்கும் இலக்கு, 2031 மார்ச்சுக்குள் கடனை ஜிடிபியில் 50 சதவீதத்துக்குக் கொண்டுவருவது, ஒரு புள்ளி முன்பின் இருக்கலாம். 56.1இலிருந்து ஐந்து ஆண்டில் 50 என்றால் ஆண்டுக்கு 1.2 புள்ளி இறங்க வேண்டும். வளர்ச்சி பத்து சதவீதமும் வட்டி ஏழு சதவீதமுமாக நீடித்தால், முதன்மைப் பற்றாக்குறை 0.3 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். வளர்ச்சி எட்டரையாகக் குறைந்தால் தானாகக் கரைவது 0.8 புள்ளிதான். அப்போது முதன்மைப் பற்றாக்குறை இருக்கவே கூடாது, 0.4 சதவீத உபரி வேண்டும். இலக்கை எட்டுவோமா என்று எங்கள் மேசையில் பேச்சு வரும்போது நாங்கள் நிதிப் பற்றாக்குறையில் தொடங்குவதில்லை, வளர்ச்சிக்கும் வட்டிக்கும் உள்ள இந்த இடைவெளியில்தான் தொடங்குகிறோம்.

நீங்களே பார்க்க விரும்பினால் indiabudget.gov.in தளத்தில் "Budget at a Glance" என்ற ஆவணத்தின் முதல் அட்டவணை போதும். வட்டிச் செலவு தனி வரியாக இருக்கும், நிதிப் பற்றாக்குறையும் முதன்மைப் பற்றாக்குறையும் கடைசியில் இருக்கும். தொகைக்குக் கீழே ஜிடிபி சதவீதமும் அடைப்புக்குறிக்குள் இருக்கும். மதிப்பீட்டுப் பத்தியோடு நிறுத்திவிடாமல், இரண்டு ஆண்டுக்கு முந்தைய உண்மைக் கணக்குப் பத்தியையும் சேர்த்துப் பாருங்கள். பிப்ரவரியில் சொல்வது எதிர்பார்ப்பு, அந்தப் பத்தியில் இருப்பதுதான் நடந்தது.

அக்கா இப்போது நோட்டில் இஎம்ஐயை இரண்டு வரியாக எழுதுகிறார். வட்டிக்கு ஒன்று, அசலுக்கு ஒன்று. வட்டி விகிதத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்டு வங்கிக்கு விண்ணப்பமும் கொடுத்திருக்கிறார். 40 லட்சம் பாக்கியில் அரை சதவீதம் குறைந்தாலே வட்டியில் மாதம் ஏறக்குறைய 1,670 ரூபாய் மிச்சம்.